சர்வர் பாக்காம கன்டெய்னர் ஓட்டுறது: ஃபங்ஷனா, விஎம்மா, இதுவா? அடிக்கடி கேட்கிற கேள்விகள்

"சர்வரே இல்லாம கன்டெய்னர் ஓடும்னு சொல்றாங்களே, அப்போ அது எங்கதான்ணா ஓடுது?"

சர்வர்லதான் ஓடுது, அந்த சர்வர் நம்ம தலைவலி இல்ல, அவ்ளோதான். நாம ஆப்பையும் அதுக்கு வேண்டியதையும் ஒண்ணா கட்டி ஒரு இமேஜா குடுக்கறோம், கூடவே நாலஞ்சு நம்பர் குடுக்கறோம்: எவ்ளோ சிபியு, எவ்ளோ மெமரி, ஒரே நேரத்துல ஒரு கன்டெய்னர் எத்தனை ரிக்வெஸ்ட் எடுக்கலாம், அதிகபட்சம் எத்தனை கன்டெய்னர் வரைக்கும் போகலாம். ரிக்வெஸ்ட் வந்தா அவங்க அந்த இமேஜ ஒரு மெஷின்ல தூக்கி நிறுத்துவாங்க, கூட்டம் அதிகமானா இன்னும் நாலு நிறுத்துவாங்க, யாருமே வரலன்னா எல்லாத்தையும் எடுத்துட்டு பூஜ்யத்துக்குப் போயிடுவாங்க. ஓஎஸ் அப்டேட், டிஸ்க் ரொம்புறது, ராத்திரி ரெண்டு மணிக்கு ரீபூட், இதெல்லாம் நம்ம பக்கம் வராது.

இந்தப் பக்கத்துல பெரும்பாலும் கூகுளோட கிளவுட் ரன் வெச்சே பேசுறேன், ஏன்னா எனக்கு தினமும் கைல இருக்கறது அது, 2019ல வந்தது. எல்லாத்துக்கும் ஒரே கேஸ எடுத்துப்போம். வேளச்சேரி, தாம்பரம், அண்ணா நகர்னு பிராஞ்ச் வெச்சிருக்கற ஒரு டியூஷன் சென்டர், ஃபீஸ் கட்டினதும் தமிழ்ல ஒரு பிடிஎஃப் ரசீது வரணும். மாசம் ஒண்ணாம் தேதிலேந்து அஞ்சாம் தேதி வரைக்கும் சாயங்காலம் ஆறுலேந்து எட்டு மணிக்குள்ள ஒரே அடிதடி, மத்த நாள்ல ஈ ஓட்டலாம். ரசீத ஒரு ஹெச்டிஎம்எல் பேஜா தயார் பண்ணி, அத ஹெட்லெஸ் குரோமியம், அதாவது திரை இல்லாம ஓடற பிரவுசர், மூலமா பிடிஎஃப்பா மாத்துறாங்க. ஒரு ரசீதுக்கு ஒன்றரை செகண்ட் ஆகுது, ஒரு பேஜ் தெறந்தா 250 எம்பி மெமரி திங்குதுன்னு வெச்சுக்கோங்க.

"இத லாம்டா ஃபங்ஷனா போட்டுட்டுப் போக வேண்டியதுதானே ப்ரோ, எதுக்கு கன்டெய்னர்?"

போடலாம், தப்பு இல்ல. லாம்டா அமேசானோட ஃபங்ஷன் சர்வீஸ், கோட மட்டும் குடுத்தா ரிக்வெஸ்ட் வரும்போது அவங்க ஓட்டுவாங்க. அத வேணாம்னு சொல்ல பழைய காரணம் சைஸ்: ஜிப்பா அப்லோட் பண்ணா பிரிச்சதுக்கு அப்புறம் 250 எம்பிக்குள்ள இருக்கணும், குரோமியமும் ஃபாண்ட்டும் சேத்து அதுக்குள்ள திணிக்கறது பெரிய பாடு. ஆனா 2020 டிசம்பர்லேந்து லாம்டாவும் 10 ஜிபி வரைக்கும் கன்டெய்னர் இமேஜ் எடுத்துக்குது, அதனால சைஸ் காரணம் போயிடுச்சு.

இப்போ இருக்கற உண்மையான வித்தியாசம் வேற. சாதாரண லாம்டாவுல ஒரு இன்ஸ்டன்ஸ், அதாவது ஓடிக்கிட்டிருக்கற ஒரு காப்பி, ஒரு நேரத்துல ஒரே ஒரு ரிக்வெஸ்ட்தான் பாக்கும். 40 பேர் ஒரே நேரத்துல ஃபீஸ் கட்டினா 40 தனித்தனி இன்ஸ்டன்ஸ், ஒவ்வொண்ணுலயும் தனியா ஒரு குரோமியம் எழுந்து உக்காரணும். கிளவுட் ரன் மாதிரி இடத்துல உங்க கன்டெய்னர் ஒரு சாதாரண வெப் சர்வர், ஒரே குரோமியத்துக்குள்ள ரெண்டு மூணு டேப் தெறந்து வேலைய முடிச்சுக்கும்.

ரெண்டாவது, ஃபங்ஷன்ல நீங்க எழுதறது ஒரு ஹேண்ட்லர், அதாவது அவங்க கூப்பிடற மாதிரி ஒரு வடிவம். இமேஜா குடுத்தாலும் உள்ள லாம்டாவோட ரன்டைம் முறைல பேசத் தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா நடுவுல ஒரு அடாப்டர் வெக்கணும். கன்டெய்னர் சர்வீஸ்ல ஒரு போர்ட்ல ஹெச்டிடிபி கேட்டா போதும், அதே இமேஜ் உங்க லேப்டாப்லயும் ஓடும், நாளைக்கு விஎம்லயும் ஓடும். மூணாவது நேரம்: லாம்டாவுக்கு 15 நிமிஷம் உச்சவரம்பு, கிளவுட் ரன்ல ஒரு ரிக்வெஸ்ட் 60 நிமிஷம் வரைக்கும் போகலாம், நாம மாத்தாம விட்டா 5 நிமிஷம்.

அதே சமயம், ஸ்டோரேஜ்ல ஒரு போட்டோ வந்து விழுந்தா அத சின்னதாக்கி இன்னொரு ஃபோல்டர்ல போடணும், அவ்ளோதான் வேலைன்னா நான் ஃபங்ஷனுக்குதான் போவேன், அதுக்கு ஒரு வெப் சர்வர் எழுதி உக்கார வெக்கறது வெட்டி வேலை.

"லோக்கல்ல சூப்பரா ஓடுது, டிப்ளாய் பண்ணா PORT=8080 கேக்கலன்னு எரர் வருது. என்ன பண்றது?"

இந்த மெசேஜ் பாக்காத ஆளே இருக்க முடியாது. டிப்ளாய் பண்ணும்போது அவங்க உங்க கன்டெய்னர ஸ்டார்ட் பண்ணி, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அந்த போர்ட்ல யாராவது பேசறாங்களான்னு பாப்பாங்க, பேசலன்னா இந்த எரர். காரணம் பெரும்பாலும் மூணுல ஒண்ணு.

முதல்ல, ஆப் 127.0.0.1ல மட்டும் கேட்டுக்கிட்டிருக்கும். ஃபிளாஸ்க்கோட டெவலப்மென்ட் சர்வர் சும்மா ஓட்டினா அப்டித்தான். கன்டெய்னருக்கு வெளிலேந்து வர்றவன் கதவ தட்டினா அது கேக்காது, 0.0.0.0 குடுக்கணும். அடுத்தது, போர்ட் நம்பர 5000னு கோட்லயே எழுதி வெச்சிருப்பீங்க. `PORT` வேரியபிள்லேந்து எடுத்துக்கணும், இல்லன்னா டிப்ளாய் பண்ணும்போது `--port 5000`னு அவங்களுக்கு சொல்லிடணும்.

மூணாவது கொஞ்சம் நயவஞ்சகமானது. எரருக்குக் கீழ லாக்ஸ தெறந்து பாத்தா `exec format error`னு ஒரு வரி இருக்கும். புது மேக்புக்ல பில்ட் பண்ணா இமேஜ் ஆர்ம் சிப்புக்கு ஏத்த மாதிரி வரும், அங்க ஓடறது எக்ஸ்86 மெஷின். `docker build --platform linux/amd64` போட்டு பில்ட் பண்ணுங்க, இல்லன்னா பில்டையும் கிளவுட்லயே விட்டுடுங்க.

நம்ம ரசீது கேஸுக்கு டாக்கர்ஃபைல் இவ்ளோதான்:

```
FROM python:3.12-slim
RUN apt-get update && apt-get install -y --no-install-recommends \
    chromium fonts-noto-core fonts-lohit-taml \
    && rm -rf /var/lib/apt/lists/*
ENV TZ=Asia/Kolkata
WORKDIR /app
COPY requirements.txt .
RUN pip install --no-cache-dir -r requirements.txt
COPY . .
CMD exec gunicorn --bind 0.0.0.0:$PORT --workers 1 --threads 2 --timeout 0 app:app
```

கடைசி வரில அந்த `exec` சும்மா இல்ல. இன்ஸ்டன்ஸ நிறுத்தும்போது அவங்க SIGTERM அனுப்பி 10 செகண்ட் டைம் குடுப்பாங்க, அப்புறம் ஒரேடியா கொன்னுடுவாங்க. `exec` இல்லன்னா அந்த சிக்னல் நடுவுல இருக்கற ஷெல்லுக்குப் போய் அங்கயே நின்னுடலாம், உங்க ஆப்புக்கு விஷயமே தெரியாம போயிடும்.

"பிடிஎஃப் வருது, ஆனா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு சார்"

ஸ்லிம் இமேஜ்ல தமிழ் ஃபாண்டே கிடையாது. உங்க லேப்டாப்ல இருந்ததால அங்க தெரிஞ்சுது. மேல டாக்கர்ஃபைல்ல இருக்கற `fonts-noto-core`, `fonts-lohit-taml` ரெண்டுல ஒண்ணு இருந்தாலே போதும். உள்ள போய் `fc-list :lang=ta` போட்டா ஏதாவது வரணும், காலியா வந்தா கட்டம்தான் வரும்.

"ரசீதுல தேதி சில சமயம் முந்தின நாள் காட்டுதே?"

கன்டெய்னருக்கு யுடிசி நேரம்தான் தெரியும். நம்ம ஊர்ல காலைல அஞ்சரைக்கு முன்னாடி போட்ட ரசீதெல்லாம் முந்தின நாள் தேதில வரும். `TZ` வைங்க, டேட்டாபேஸ்ல மட்டும் யுடிசியாவே சேமிங்க.

"நல்லா போயிட்டு இருந்துச்சு, அஞ்சாம் தேதி சாயங்காலம் மட்டும் வரிசையா 500, 503. மெமரி லிமிட் தாண்டிடுச்சுன்னு லாக்ல இருக்கு. மெமரிய ஏத்திக்கிட்டே போகவா?"

ஏத்தாதீங்க, முதல்ல கன்கரன்சி என்ன இருக்குன்னு பாருங்க. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில்தான் படிப்பீங்கன்னா இதப் படிங்க.

கன்கரன்சிங்கறது ஷேர் ஆட்டோவுல எத்தனை பேர ஏத்தறதுங்கற கணக்கு மாதிரி. ஃபங்ஷன்ல வண்டிக்கு ஒரு ஆள்தான். கிளவுட் ரன்ல நீங்க ஒண்ணும் சொல்லலன்னா 80 பேர ஏத்துவான், வேணும்னா 1000 வரைக்கும் போலாம். டேட்டாபேஸ கேட்டு ஜேசன் அனுப்பற சாதாரண ஏபிஐக்கு 80 சரியா இருக்கும், ஏன்னா அந்த ரிக்வெஸ்ட் பெரும்பாலும் சும்மா காத்துக்கிட்டுதான் இருக்கும். ஆனா நம்ம ரசீது ஒவ்வொண்ணும் 250 எம்பி கேக்குது, மெமரி நீங்க மாத்தலன்னா 512 எம்பி.

என்ன நடக்குதுன்னு மெதுவா பாருங்க. சாதாரண நாள்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ரசீது, பைத்தானும் சும்மா இருக்கற குரோமியமும் சேத்து ஒரு 200 எம்பி, பேஜ் 250, மொத்தம் 450, இடிச்சுக்கிட்டு உள்ள போயிடுது. யாருக்கும் சந்தேகமே வராது. அஞ்சாம் தேதி ஆறரை மணிக்கு ஒரே செகண்டுல மூணு பேர் பட்டன அமுக்கறாங்க. கிளவுட் ரன்ன பொறுத்தவரைக்கும் இந்த இன்ஸ்டன்ஸ்ல இன்னும் 77 சீட் காலியா இருக்கு, அதனால மூணையும் அதே இடத்துக்கு அனுப்புது. 950 எம்பி வேணும், இருக்கறது 512. கன்டெய்னர் செத்துடும், உள்ள இருந்த மூணு ரசீதும் போச்சு. பயந்து போன மூணு பேரும் திரும்ப அமுக்குவாங்க, புது இன்ஸ்டன்ஸ் எழுந்திருக்கும், அதுக்கும் அதே கதி.

மெமரிய 2 ஜிபி ஆக்கினா ரெண்டு மூணு பேருக்குப் பதிலா எட்டு பேர் வர்ற வரைக்கும் தள்ளிப் போடறீங்க, அவ்ளோதான். கூடவே இன்னொரு பிரச்சனை: ரெண்டரிங் சிபியு வேலை. ஒரு சிபியுல எட்டு ரசீது ஒரே நேரத்துல ஓடினா ஒன்றரை செகண்ட் வேலை ஒவ்வொண்ணும் பன்னெண்டு செகண்ட் வரைக்கும் இழுக்கும்.

அதனால கணக்க தலைகீழா போடணும். ஒரு சிபியுல ரெண்டு ரசீது சேந்து ஓடினா மோசமான நிலைமைல மூணு செகண்ட், அது பரவால்ல. மெமரி 200 கூட்டல் ரெண்டு 250, 700 எம்பி, அப்போ 1 ஜிபி போதும், கொஞ்சம் மூச்சு விடவும் இடம் இருக்கு. கன்கரன்சி 2.

```
gcloud run deploy rasidhu \
  --image asia-south1-docker.pkg.dev/PROJECT/repo/rasidhu:1 \
  --region asia-south1 --cpu 1 --memory 1Gi \
  --concurrency 2 --max-instances 10
```

பத்து இன்ஸ்டன்ஸ், தலைக்கு ரெண்டு, ஒரே நேரத்துல 20 ரசீது, மூணு செகண்ட்ல முடியும்னா செகண்டுக்கு ஆறு ஏழு ரசீது. மூணு பிராஞ்ச் டியூஷன் சென்டருக்கு இது தாராளம். அதுக்கும் மேல கூட்டம் வந்தா ரிக்வெஸ்ட்ட கொஞ்ச நேரம் வரிசைல நிக்க வெச்சு பாப்பாங்க, இடம் கெடைக்கலன்னா 429 குடுத்து அனுப்பிடுவாங்க. 429 பாத்தா `--max-instances` பத்தல, மெமரி மெசேஜ் பாத்தா கன்கரன்சி அதிகம், இந்த ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

உங்க ஆப்போட 250 எம்பி எவ்ளோன்னு எப்படி தெரிஞ்சுக்கறது? லேப்டாப்ல கன்டெய்னர ஓட்டிட்டு ஒரு டெர்மினல்ல `docker stats` தெறந்து வைங்க, இன்னொண்ணுலேந்து ஒரு ரிக்வெஸ்ட், அப்புறம் ஒரே நேரத்துல ரெண்டு, அப்புறம் நாலு அனுப்புங்க. எண் ஏறற விதத்துலயே ஒரு ரிக்வெஸ்ட் எவ்ளோ திங்குதுன்னு தெரிஞ்சிடும். இத பண்றவங்க ரொம்ப கம்மி, ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

"பிடிஎஃப்ப /tmpல எழுதி வெச்சேன், கொஞ்ச நேரம் கழிச்சு காணோம். மெமரியும் ஏறிக்கிட்டே போகுது"

ரெண்டும் ஒரே வியாதி. கிளவுட் ரன்ல கன்டெய்னருக்குள்ள நீங்க எழுதற ஃபைல் டிஸ்க்குக்குப் போறதில்ல, மெமரிலதான் உக்காருது. 300 ரசீது எழுதி அழிக்காம விட்டா அவ்ளோவும் உங்க 1 ஜிபிலேந்துதான் போகும். இன்ஸ்டன்ஸ் போச்சுன்னா ஃபைலும் போச்சு, அடுத்த ரிக்வெஸ்ட் வேற இன்ஸ்டன்ஸுக்குப் போனாலும் அங்க அந்த ஃபைல் இருக்காது. பிடிஎஃப்ப நேரா ஸ்டோரேஜ் பக்கெட்ல போட்டுட்டு லிங்க் குடுங்க, தற்காலிக ஃபைல வேலை முடிஞ்சதும் அழிச்சிடுங்க. விஎம்ல பழகினவங்களுக்குதான் இது அதிகமா கடிக்கும். இன்னொரு சின்ன விஷயம், குரோமியத்த `--no-sandbox --disable-dev-shm-usage` போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, இல்லன்னா சில கன்டெய்னர்ல எழுந்திருக்கவே மாட்டேன்னு அடம் பிடிக்கும்.

"ரசீத குடுத்துட்டு பின்னாடி ஒரு தெரட்ல எஸ்எம்எஸ் அனுப்புறேன். சில பேருக்குப் போகுது, சில பேருக்கு பத்து நிமிஷம் கழிச்சு போகுது, சில பேருக்குப் போகவே இல்ல. எஸ்எம்எஸ் கம்பெனிய திட்டவா?"

அவங்க மேல தப்பு இல்ல. ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் காசு கட்டற முறைல, பதில அனுப்பின உடனே உங்க கன்டெய்னரோட சிபியுவ கிட்டத்தட்ட பிடுங்கிடுவாங்க. தெரட் சாகறதில்ல, உறைஞ்சு நிக்கும். அடுத்த ரிக்வெஸ்ட் அதே இன்ஸ்டன்ஸுக்கு வந்தா சிபியு திரும்ப கெடைக்கும், அப்போ பாதில நின்ன எஸ்எம்எஸ் கெளம்பும், அதான் அந்த பத்து நிமிஷம். அடுத்த ரிக்வெஸ்ட்டே வரலன்னா ஒரு கால் மணி நேரத்துக்குள்ள இன்ஸ்டன்ஸ எடுத்துடுவாங்க, எஸ்எம்எஸ்ஸும் சேந்து போயிடும். டெஸ்ட் பண்ணும்போது நாம தொடர்ந்து தட்டிக்கிட்டே இருப்போம், அதனால சிபியு எப்பவும் இருக்கும், பிரச்சனை கண்ணுலயே படாது. லாம்டாவுலயும் இதே உறையற கதைதான். விஎம்ல மட்டும்தான் பின்னாடி தெரட் போட்டுட்டு நிம்மதியா போகலாம்.

வழி ரெண்டு. எஸ்எம்எஸ் அனுப்பறத ஒரு க்யூல போடுங்க, கிளவுட் டாஸ்க்ஸ் மாதிரி, அது திரும்ப உங்க சர்வீஸுக்கே ஒரு ரிக்வெஸ்ட்டா வந்து நிக்கும், தோத்தா அதுவே திரும்ப முயற்சி பண்ணும். என்னக் கேட்டா இதான் சரி. இன்னொண்ணு `--no-cpu-throttling` போடறது, அப்போ இன்ஸ்டன்ஸ் உயிரோட இருக்கற அத்தனை செகண்டுக்கும் சிபியு உண்டு, அத்தனை செகண்டுக்கும் காசும் உண்டு. ஆனா அதுலயும் சும்மா இருக்கற இன்ஸ்டன்ஸ எடுக்க மாட்டோம்னு அவங்க சத்தியம் பண்ணல, அத மறந்துடாதீங்க.

"காலைல முதல் ஆளுக்கு மட்டும் ஏழெட்டு செகண்ட் ஆகுது, இமேஜ் பெருசா இருக்கறதாலயா?"

கிளவுட் ரன்ல இமேஜ் சைஸ் பெருசா விஷயம் இல்ல, அவங்க முழுசா இறக்கிட்டு ஸ்டார்ட் பண்றதில்ல. அமேசானோட ஃபார்கேட்ல நிலைமை வேற, ஒவ்வொரு டாஸ்க் எழும்போதும் இமேஜ இழுத்துட்டு வரும், அங்க 1.5 ஜிபி இமேஜ் வலிக்கும். இங்க நேரம் போறது உங்க ஆப் எழுந்திருக்கற வேலைல: பைத்தான் இம்போர்ட், டேட்டாபேஸ் கனெக்‌ஷன், குரோமியம் ஸ்டார்ட். லாக்ல ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நேரத்த பிரிண்ட் பண்ணிப் பாத்தா எது திங்குதுன்னு தெரிஞ்சிடும்.

`--cpu-boost` போட்டா ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் கூடுதல் சிபியு குடுப்பாங்க, இந்த மாதிரி ஆப்புக்கு அது நல்லாவே உதவும். அதுக்கு மேலயும் வேணும்னா `--min-instances 1`, ஒரு கன்டெய்னர் எப்பவும் முழிச்சிட்டு இருக்கும், ஆனா அதுக்கு தனியா காசு. ரசீதுக்கு நான் அத போட மாட்டேன். காலைல ஒரு ஆள் ஏழு செகண்ட் காத்திருந்தா குடி முழுகிடாது.

"டேட்டாபேஸ்ல 'sorry, too many clients already'னு வருது. ஆப்ப ஒண்ணுமே மாத்தலையே!"

ஆப்ப மாத்தல, ஆனா ஆப் எத்தனை காப்பி ஓடுதுன்னு மாறிடுச்சு. போஸ்ட்கிரெஸ் இயல்பா 100 கனெக்‌ஷன்தான் விடும், சின்ன சைஸ் கிளவுட் டேட்டாபேஸ்ல அதுக்கும் கம்மி. பைத்தான்லேந்து டேட்டாபேஸோட பேசற எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரி, நீங்க ஒண்ணும் சொல்லலன்னா பூல்ல 5, நெருக்கடில இன்னும் 10, ஆக ஒரு காப்பிக்கு 15 வரைக்கும் தெறக்கும். விஎம்ல ஒரே காப்பி, 15லயே நிக்கும். இங்க பத்து இன்ஸ்டன்ஸ், 150 வரைக்கும் போகலாம். புது வெர்ஷன் டிப்ளாய் பண்ற அந்த ஒரு நிமிஷத்துல பழையதும் புதுசும் சேந்து இருக்கும், இன்னும் மோசம்.

நம்ம கேஸ்ல கன்கரன்சி 2, அப்போ ஒரு இன்ஸ்டன்ஸுக்கு ரெண்டு கனெக்‌ஷனுக்கு மேல எதுக்கு?

```
engine = create_engine(URL, pool_size=2, max_overflow=0, pool_pre_ping=True)
```

பத்து இன்ஸ்டன்ஸ், இருபது கனெக்‌ஷன், முடிஞ்சுது. `pool_pre_ping` எதுக்குன்னா, உறைஞ்சு கெடந்து எழுந்த இன்ஸ்டன்ஸ்ல பழைய கனெக்‌ஷன் செத்துப் போயிருக்கலாம், உபயோகிக்கறதுக்கு முன்னாடி அது ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கும். `--max-instances` போடாம விடறது பர்சுக்கு மட்டும் ஆபத்துன்னு நெனைக்காதீங்க, டேட்டாபேஸுக்கும்தான். ஃபங்ஷன்ல இந்தப் பிரச்சனை இன்னும் சீக்கிரம் வரும், ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு இன்ஸ்டன்ஸ், இன்ஸ்டன்ஸுக்கு ஒரு கனெக்‌ஷன், 200 பேர் வந்தா 200 கனெக்‌ஷன். அங்க நடுவுல இருக்கற கொஞ்சம் கனெக்ஷன எல்லாருக்கும் பகிர்ந்து குடுக்கற பிஜிபவுன்சர் மாதிரி ஒண்ணு இல்லாம நான் இறங்க மாட்டேன்.

"சரி, காசு கணக்கு சொல்லுங்க. ஒரு விஎம் வாங்கிப் போட்டா சீப்பா முடியாதா?"

உங்க சர்வர் ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் நெஜமா வேலை பாக்குதுங்கறதுதான் கேள்வி. கிளவுட் ரன்ல டயர் 1ங்கற குறைஞ்ச விலை ரீஜன்களோட ரேட்ல போடறேன், ரீஜன பொறுத்து மாறும், அதனால போடறதுக்கு முன்னாடி பேஜ்ல ஒரு தடவ பாத்துக்கோங்க: ஒரு சிபியு ஒரு செகண்டுக்கு 0.000024 டாலர், ஒரு ஜிபி மெமரி ஒரு செகண்டுக்கு 0.0000025 டாலர், பத்து லட்சம் ரிக்வெஸ்ட்டுக்கு 0.40 டாலர்.

மாசம் 30,000 ரசீது, ஒவ்வொண்ணுக்கும் தாராளமா ரெண்டு செகண்ட், ஒண்ணோட ஒண்ணு சேந்து ஓடற லாபத்த கணக்குல எடுக்க வேணாம். 60,000 செகண்ட். சிபியு 1.44 டாலர், மெமரி 0.15, ரிக்வெஸ்ட் ஒரு சென்ட் சொச்சம். மொத்தம் 1.60 டாலர். அதுவும் மாசம் 1,80,000 சிபியு செகண்ட் ஃப்ரீங்கறதால நெஜத்துல பில் பூஜ்யம், ஸ்டோரேஜ், நெட்வொர்க் தவிர.

இப்போ அதே சர்வீஸ் 24 மணி நேரமும் நிக்காம ரிக்வெஸ்ட் வாங்குதுன்னு வைங்க. 30 நாளுக்கு 25,92,000 செகண்ட், சிபியு மட்டும் 62 டாலர், மெமரியோட 69. கூகுளோட e2-medium விஎம் அமெரிக்க ரீஜன்ல மாசம் 25 டாலர் சுமாருக்கு கெடைக்குது, 4 ஜிபி மெமரியோட. அப்போ ஒரு நாளுக்கு எட்டு ஒம்போது மணி நேரத்துக்கு மேல உங்க ஒரு இன்ஸ்டன்ஸ் தொடர்ந்து பிஸின்னா விஎம் ஜெயிக்குது. அதுக்குக் கீழன்னா கன்டெய்னர். நடுவுல ஒரு பொறி இருக்கு: `--min-instances 1` போட்டா சும்மா இருக்கற நேரத்துக்கு கம்மி ரேட்தான், ஆனா அதுவே இந்த சைஸுக்கு மாசம் 13 டாலர் ஆகுது. மூணு நாலு சின்ன சர்வீஸுக்கு இத போட்டுட்டா, அந்த காசுக்கு எல்லாத்தையும் ஒரே விஎம்ல தூக்கி வெச்சிருக்கலாம்.

விஎம் கணக்குல ஆள் நேரம் வராதுங்கறதும் நெஜம். ஒரு பேட்ச், ஒரு சர்ட்டிஃபிகேட் எக்ஸ்பயரி, ஒரு டிஸ்க் ஃபுல், இதுக்கெல்லாம் யாராவது உக்காரணும். ஆள் இருக்கற கம்பெனிக்கு விஎம் தப்பே இல்ல.

"மாசக் கடைசில எல்லா ஸ்டூடண்ட்ஸுக்கும் சேத்து 8,000 ஸ்டேட்மென்ட் போடணும். ஒரே ரிக்வெஸ்ட்ல லூப் போட்டா டைம் அவுட் ஆகுதுன்னு அக்கா கேட்டாங்க, என்ன சொல்ல?"

அவங்க கிட்ட கிளவுட் ரன் ஜாப்ஸ் பாக்கச் சொல்லுங்க. அதே இமேஜ், ஆனா போர்ட்ல கேக்காம ஓடி முடிஞ்சு வெளில வந்துடும். 20 டாஸ்க்கா பிரிச்சா ஒவ்வொரு கன்டெய்னருக்கும் `CLOUD_RUN_TASK_INDEX`னு 0லேந்து 19 வரைக்கும் ஒரு நம்பர் வரும், ஸ்டூடண்ட் ஐடிய 20ஆல வகுத்து மீதி அந்த நம்பரா இருந்தா அவன் நம்ம ஆள். தலைக்கு 400 சுமாரு, ஒன்றரை செகண்ட்னா பத்து நிமிஷம் ஆகும், டாஸ்க்கோட இயல்பான டைம் அவுட்டும் சரியா பத்து நிமிஷம்தான், அதனால `--task-timeout 30m`னு மறக்காம குடுங்க. ஒரு டாஸ்க் தோத்தா அது மட்டும் திரும்ப ஓடும், அதனால ஏற்கனவே பக்கெட்ல இருக்கற பிடிஎஃப்ப தாண்டிப் போற மாதிரி எழுதுங்க.

"ஃபார்கேட், அஸூர் கன்டெய்னர் ஆப்ஸ், கிளவுட் ரன் மூணும் ஒண்ணுதானா?"

மேலோட்டமா ஒண்ணு, ரிக்வெஸ்ட் வராதப்போ என்ன ஆகுதுங்கறதுல வேற. ஃபார்கேட் சர்வர மட்டும்தான் மறைக்குது. டாஸ்க் நீங்க நிறுத்தற வரைக்கும் ஓடும், மீட்டரும் ஓடும், ரிக்வெஸ்ட் இல்லன்னா தானா பூஜ்யத்துக்குப் போகாது, வெளிலேந்து வர்ற டிராஃபிக்க பிரிச்சு விட முன்னாடி ஒரு லோட் பேலன்சரும் வெச்சு அதுக்கும் மாசாமாசம் கட்டணும். நம்ம ரசீது மாதிரி ஈ ஓட்டற கேஸுக்கு அது வீண் செலவு. நாள் முழுக்க க்யூவ படிக்கற வொர்க்கருக்கு நல்லா பொருந்தும், உறையற பிரச்சனையே கெடையாது. அஸூர் கன்டெய்னர் ஆப்ஸ் பூஜ்யத்துக்குப் போகும், க்யூ நீளத்த பாத்தும் கூட்டிக் குறைச்சுக்கும்.

தூரத்த பத்தியும் கேக்கறாங்க. அஸூரோட சவுத் இந்தியா ரீஜன் நம்ம சென்னைலயே இருக்கு, அமேசானுக்கு மும்பையும் ஐதராபாத்தும், கூகுளுக்கு மும்பையும் டெல்லியும். ஒன்றரை செகண்ட் ரெண்டர் பண்ற ரசீதுக்கு மும்பை தூரம் கணக்குலயே வராது. ஆனா டேட்டாபேஸ் ஒரு ஊர்லயும் கன்டெய்னர் ஒரு ஊர்லயும் வெச்சுட்டு ஒரு ரசீதுக்கு முப்பது க்வெரி அடிச்சீங்கன்னா வரும், அப்போ ரெண்டையும் ஒரே ரீஜன்ல வைங்க.

"எப்போ இதெல்லாம் வேணாம், விஎம்தான்னு முடிவு பண்ணுவீங்க?"

ஃபைல் அதே டிஸ்க்ல இருந்தே ஆகணும்னா, டேட்டாபேஸையே நாம ஓட்டறோம்னா, ஹெச்டிடிபி இல்லாத ஏதோ ஒரு பழைய புரோட்டோகால்ல பயோமெட்ரிக் மெஷின் வந்து பேசுதுன்னா. கடைசியா சொன்னது டியூஷன் சென்டர்ல நெஜமாவே வரும், அட்டெண்டன்ஸ் மெஷின் சில மாடல் நேரா ஒரு டிசிபி போர்ட்டுக்குதான் அனுப்பும், கிளவுட் ரன் வெளிலேந்து அத வாங்கிக்காது. அந்த ஒண்ணுக்கு ஒரு குட்டி விஎம் போட்டு, வந்தத ஹெச்டிடிபியா மாத்தி ரசீது சர்வீஸ் இருக்கற பக்கமே அனுப்பிடுங்க, மொத்தத்தையும் விஎம்முக்கு தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல.